பதினாலாம் அறை, மூன்றாம் வரிசை, கடைசி பெஞ்சு

எங்கள் கல்லூரியில் செமஸ்டர் தேர்வுக்கு முன்னால் ஆசிரியர்களுக்குப் போகும் கண்காணிப்புச் சுற்றறிக்கையை நான்கு வருடமாக நான்தான் தயார் செய்கிறேன். தயார் செய்கிறேன் என்றால், போன செமஸ்டர் ஃபைலைத் திறந்து, தேதியை மாற்றி, பிரிண்ட் எடுத்து முதல்வர் கையெழுத்துக்கு அனுப்புவது. இரண்டு பக்கம், 23 அம்சம். அதில் 17-வது அம்சம் இப்படி இருக்கும்: "தேர்வு அறையில் முறைகேட்டில் ஈடுபடும் மாணவர் கண்டறியப்பட்டால் அவர் மீது விதிகளின்படி தகுந்த நடவடிக்கை எடுக்கப்படும்."

படித்தால் ஒரு குறையும் தெரியாது, எனக்கும் தெரியவில்லை. ஒரு நவம்பர் மாத மதியத் தேர்வில் பதினாலாம் அறையில் ஒரு பையன் மாட்டி, அந்த விவகாரம் விசாரணைக் குழு முன்னால் வந்து மூன்று வாரம் இழுத்த பிறகுதான், அந்த வரியில் நடவடிக்கையை எடுப்பது யார், எப்போது, எதைக் கையில் வைத்துக்கொண்டு என்று ஒன்றுமே இல்லை என்பது உறைத்தது. 'கண்டறியப்பட்டால்', 'எடுக்கப்படும்'. ஆளே இல்லாத வாக்கியம். அந்த நாளில் என்ன நடந்தது, எங்கே எது நழுவியது, சுற்றறிக்கையில் என்ன மாற்றினோம் என்பதை வரிசையாக எழுதிவைக்கிறேன். தேர்வுப் பணி பார்க்கும் ஆசிரியர்களுக்கு உதவலாம். யாருடைய பெயரும், கல்லூரியின் பெயரும் வேண்டாம். வண்ணாரப்பேட்டைப் பக்கம் ஒரு தன்னாட்சிக் கல்லூரி என்பது போதும்.

தன்னாட்சி என்பதைக் குறிப்பிடக் காரணம் உண்டு. சாதாரண இணைப்புக் கல்லூரியாக இருந்தால் நாம் அறிக்கையையும் பிடித்த பொருளையும் விடைத்தாளையும் பல்கலைக்கழகத் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலருக்கு அனுப்பிவிடுவதோடு சரி, விசாரணையும் தண்டனையும் அங்கே. எங்களைப் போன்ற இடத்தில் விசாரிப்பதும் நாங்களே. நாங்கள் செய்த கோளாறு எங்கள் மேஜைக்கே திரும்பி வரும்.

அன்று மதியம் 2 மணி முதல் 5 மணி வரை தேர்வு. பழைய கட்டடத்தின் மேல்மாடி, பதினாலாம் அறை, 25 பேர். ஐந்து வரிசை, ஒவ்வொன்றிலும் ஐந்து பெஞ்சு, பெஞ்சுக்கு ஒருவர். ஒன்று, மூன்று, ஐந்தாம் வரிசைகளில் பி.காம் இரண்டாம் ஆண்டு, வணிகப் புள்ளியியல் தாள். இரண்டு, நான்காம் வரிசைகளில் கம்ப்யூட்டர் சயின்ஸ். பக்கத்தில் இருப்பவன் வேறு தாள் எழுதுவான், எட்டிப் பார்த்துப் பயனில்லை என்பதுதான் இந்த ஏற்பாட்டின் கணக்கு. முன்னால் இருப்பவரும் பின்னால் இருப்பவரும் அதே தாள் எழுதுகிறார்கள் என்பதை நாங்கள் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை.

காலையிலிருந்து மழை. மூன்றாம் வரிசை இரண்டாம் பெஞ்சுக்கு நேர் மேலே கூரை ஒழுகும். அது எல்லோருக்கும் தெரிந்த ஒழுகல்தான், பல மழைக்காலமாகத் தெரியும். நம்ம பையன் உட்கார்ந்து விடைப் புத்தகத்தில் பதிவு எண் எழுதும்போதே ஒரு சொட்டு விழுந்து நீல மை பரவிவிட்டது. அறைக் கண்காணிப்பாளராக இருந்த மேடம், வேலைக்குச் சேர்ந்து முதல் வருடம், அவனை எழுப்பி அதே வரிசையில் கடைசி பெஞ்சில் உட்கார வைத்தார். அந்த பெஞ்சுக்குரியவர் அன்று ஆப்சென்ட். கீழே ஒரு பக்கெட் வைக்கச் சொல்லி உதவியாளர் அக்காவைக் கூப்பிட்டார். இதில் தப்பு ஒன்றுமில்லை. நான் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். ஆனால் இருக்கை வரைபடத்தில் அவர் அதைக் குறிக்கவில்லை, குறிக்க வேண்டும் என்று என் 23 அம்சத்தில் எங்கேயும் இல்லை.

அப்புறம் விடைப் புத்தகங்களில் கையெழுத்துப் போட்டுக்கொண்டே வந்தார். ஹால் டிக்கெட் போட்டோவையும் முகத்தையும் பார்த்து, பதிவு எண்ணையும் தாள் குறியீட்டையும் சரிபார்த்துவிட்டுப் போட வேண்டிய கையெழுத்து அது. ஒழுங்காகச் செய்தால் ஒரு ஆளுக்கு ஒரு நிமிடம் ஆகும், 25 பேருக்கு அரை மணி. அந்த அரை மணியும் குனிந்தே இருப்போம், தலை நிமிரவே நேரமிருக்காது. பிட் எடுப்பவர்களுக்கு அதுதான் நல்ல நேரம். நான்காம் வரிசையில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தவர் ஏதோ சத்தம் கேட்டுத் திரும்ப, கடைசி பெஞ்சுப் பையன் கால்குலேட்டரின் நழுவு மூடியைக் கவிழ்த்துப் பார்த்துக்கொண்டிருந்தான். உள்பக்கம் பென்சிலில் பொடி எழுத்தில் ஆறு வரி, ஒட்டுறவுக் கெழு, தொடர்புப் போக்குச் சமன்பாடு எல்லாம் சூத்திரமாக.

மேடம் மூடியை மட்டும் பிடுங்கிக்கொண்டார். கால்குலேட்டரைத் திருப்பிக் கொடுத்தார். "எழுது, கடைசியில பாத்துக்கலாம்" என்றார். பையன் அதே இடத்தில், அதே விடைப் புத்தகத்தில் தொடர்ந்து எழுதினான். ஐந்து மணிக்குத் தாள்களைக் கட்டிக் கொடுக்கும்போது ஒரு பிரவுன் கவரில் மூடியைப் போட்டு, வெள்ளைத் தாளில் மூன்று வரி எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். "மேற்கண்ட பதிவு எண் கொண்ட மாணவரிடம் பிட் கைப்பற்றப்பட்டது. தகுந்த நடவடிக்கைக்காகச் சமர்ப்பிக்கப்படுகிறது." நேரம் இல்லை. பையனின் எழுத்துமூல விளக்கம் இல்லை. கவர் மேல் யார் கையெழுத்தும் இல்லை.

என்னுடைய 17-வது அம்சம் என்ன சொன்னதோ அதைத்தான் அவர் செய்தார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

விசாரணைக் குழு கூட எட்டு நாள் ஆனது. பையனுக்கு முறைப்படி நோட்டீஸ் போனது, 'கால்குலேட்டர் மூடியில் சூத்திரங்கள் எழுதி வைத்திருந்தது' என்ற ஒரே குற்றச்சாட்டுடன். அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்தான். கவரைப் பிரித்து மூடியை எடுத்தால், ஆறு வரியில் இரண்டு வரிதான் தெரிகிறது, மீதி தேய்ந்து சாம்பல் பூசியது போல இருக்கிறது. பென்சில் எழுத்துதானே, கவருக்குள் எட்டு நாள் முன்னும் பின்னும் உரசியதில் போய்விட்டது. துறைத் தலைவர், "என்னப்பா இது, நீ எழுதினதா?" என்று கேட்டார்.

"சார், கால்குலேட்டரே என்னுது இல்ல சார். பக்கத்து வீட்டு அண்ணன் போன வருஷம் வச்சிருந்தது. நான் மூடியத் திருப்பிகூடப் பாக்கல."

இது பொய்யாகவும் இருக்கலாம், உண்மையாகவும் இருக்கலாம். எங்கள் பக்கத்தில் கால்குலேட்டர் கை மாறி மாறித்தான் வரும். அன்றைக்கே, அந்த இடத்திலேயே ஒரு தாளைக் கொடுத்து "இது யாருடையது, எழுதியது யார், எழுதிக் கொடு" என்று கேட்டிருந்தால், அடுத்த ஐந்து நிமிடத்தில் வரும் பதில் வேறு. எட்டு நாள் கழித்து நாலு பேரிடம் யோசனை கேட்டுவிட்டு வரும் பதில் வேறு. இருந்தாலும் எங்கள் விதியில் பாடத்துக்குத் தொடர்புள்ள குறிப்பு கையில் இருந்தாலே முறைகேடு, அதைப் பார்த்து எழுதியதாக நிரூபிக்கத் தேவையில்லை. தெரிந்த இரண்டு வரியும் பாடத்துக்குத் தொடர்புள்ளவைதான். அதோடு முடிந்திருக்க வேண்டிய விஷயம்.

முடியவில்லை. ஏனென்றால் அதற்குள் விடைத்தாள் திருத்தும் இடத்திலிருந்து ஒரு குறிப்பு வந்து சேர்ந்தது. அதே அறையில் இரண்டு தாள்களில் 17-வது கேள்விக்கு ஒரே தவறான விடை, ஒட்டுறவுக் கெழு 1.05. புள்ளியியல் படித்தவர்களுக்குச் சிரிப்பு வரும், ஒட்டுறவுக் கெழு 1-க்கு மேல் போகவே போகாது. ஒருவர் அப்படித் தவறு செய்யலாம். ஒரே அறையில் இரண்டு பேர் அச்சாக அதே எண்ணை எழுதினால் சந்தேகம் வரத்தான் செய்யும். ஒரு தாள் நம்ம பையனுடையது. இன்னொன்று அதே மூன்றாம் வரிசையில் நான்காம் பெஞ்சில் இருந்த பெண்ணுடையது. வகுப்பில் முதல் மூன்று இடத்துக்குள் வருகிற பெண்.

இங்கேதான் இருக்கை வரைபடம் எங்களைக் குழியில் தள்ளியது. வரைபடத்தை விரித்தால் பையன் இரண்டாம் பெஞ்சு, பெண் நான்காம் பெஞ்சு. தேர்வு அறையில் முன்னால் இருப்பவர் தாளைப் பின்னால் இருப்பவர்தான் பார்க்க முடியும். ஆக, காகிதப்படி காப்பியடித்தவர் அந்தப் பெண். நடுவில் ஒரு பெஞ்சு இருக்கிறதே என்று ஒருவர் சொன்னார், எட்டிப் பார்த்தால் தெரியும் என்று இன்னொருவர் சொன்னார். விடைப் புத்தகத்தின் வரிசை எண்ணும் அதற்கு ஒத்துப்போனது. புத்தகங்களை இருக்கை வரிசையில்தானே கொடுப்போம், பையனின் எண் முதல் பெஞ்சுக்கும் மூன்றாம் பெஞ்சுக்கும் நடுவே அழகாக உட்கார்ந்திருந்தது. ஒரு நாள் முழுக்க அந்தப் பெண்ணின் பெயர்தான் மேஜையில் இருந்தது. நோட்டீஸ் கூட டைப் ஆகிவிட்டது.

இட மாற்றத்தைப் பற்றி மேடத்துக்குக் கேட்டால் ஞாபகம் வந்திருக்கும், ஆனால் யாரும் அதைக் கேட்கவில்லை, அவருக்கும் அது ஒரு சம்பவமாகவே தோன்றியிருக்கவில்லை. தடுத்தது ஒரு மைக் கறை. பையனின் தாளைப் புரட்டிக்கொண்டிருந்த குழு உறுப்பினர் ஒருவர், முதல் பக்கத்தில் பதிவு எண் பரவியிருப்பதைப் பார்த்து, "இது என்ன தண்ணி?" என்றார். எனக்கு உடனே அந்த ஒழுகல் ஞாபகம் வந்தது. ஆனால் முதல் பக்கத்தில் மட்டும்தான் கறை, உள்ளே ஒரு பக்கத்திலும் இல்லை. மூன்று மணி நேரம் சொட்டுக்குக் கீழேயே உட்கார்ந்து எழுதியவன் தாள் அப்படி இருக்க வாய்ப்பே இல்லை. உதவியாளர் அக்காவைக் கூப்பிட்டுக் கேட்டோம்.

"ஆமா சார், நான்தான பக்கெட் வச்சேன். பெஞ்சுல ஆளே இல்ல. அந்தத் தம்பி கடைசில போய் குந்திருந்துச்சு."

அவ்வளவுதான், காப்பியடித்தது யார் என்பது அப்படியே திரும்பிவிட்டது. நான்காம் பெஞ்சுப் பெண்ணுக்கு நேர் பின்னால் ஐந்தாம் பெஞ்சில் பையன்.

இதற்குப் பிறகு புள்ளியியல் ஆசிரியர் இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தார். முதலிலேயே இப்படிப் படித்திருக்க வேண்டும். பெண்ணின் தாளில் அட்டவணை முழுதாக இருக்கிறது. விலகல்களைப் பெருக்கிக் கூட்டிய தொகை 36, வர்க்கங்களின் தொகைகள் 40, 90. அடுத்த வரியில் சூத்திரத்தில் போடும்போது 36 என்பதை 63 என்று திருப்பிப் போட்டுவிட்டாள். 40-ஐயும் 90-ஐயும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் 60. 36-ஐ 60-ஆல் வகுத்தால் 0.6, அதுதான் சரியான விடை. அவள் 63-ஐ வகுத்தாள், 1.05. அவசரத்தில் எல்லோருக்கும் நேர்கிற பிழை, எங்கே நேர்ந்தது என்று விரல் வைத்துக் காட்டலாம். பையனின் தாளில் அட்டவணை பாதியில் நிற்கிறது, பெருக்கல் தொகை வரும் கட்டம் காலி, 36 என்ற எண்ணே எங்கேயும் இல்லை. நேராக 63. அந்த 63 அவன் கணக்கிலிருந்து வந்திருக்க வழியில்லை.

ஒரே மாதிரித் தவறு கிடைத்தால் எல்லோரும் விடையை மட்டும் ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். விடை ஒன்றாக இருப்பது, இரண்டு பேருக்கும் தொடர்பு இருக்கிறது என்பதை மட்டும்தான் சொல்லும். யாரிடமிருந்து யாருக்குப் போனது என்பதற்கு, தவறு பிறந்த இடம் எந்தத் தாளில் இருக்கிறது என்று தேட வேண்டும். இப்படிப்பட்ட சூழ்நிலைச் சாட்சியத்தை வைத்து முடிவெடுப்பது சட்டத்துக்கும் புதிதல்ல, 1972-ல் பிரேம் பிரகாஷ் கலுனியா எதிர் பஞ்சாப் பல்கலைக்கழகம் வழக்கில் இரண்டு தேர்வர்களின் ஒரே மாதிரியான விடைகளை வைத்துப் பல்கலைக்கழகம் எடுத்த முடிவை உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டிருக்கிறது.

சரி, பையனைக் கேட்டோம். அவன் மறைக்கவில்லை. "மூடியப் புடுங்கிட்டாங்க சார். அதுக்கப்புறம் எனக்கு ஒண்ணும் ஓடல. முன்னாடி தெரிஞ்சுது, எழுதிட்டேன்."

அறையே ஒரு நிமிடம் அமைதியாகிவிட்டது. அவன் சொல்வது உண்மையென்றால், பிடிபட்ட மாணவனை அதே தாள் எழுதும் ஒருத்தியின் முதுகுக்குப் பின்னாலேயே மீதி நேரம் முழுக்க உட்கார வைத்தது நாங்கள்தான். அதைச் சரிபார்க்கவும் வழியில்லை. மூடியைப் பிடித்த கணத்தில் விடைப் புத்தகத்தில் எழுதியிருந்த கடைசி வரிக்குக் கீழே ஒரு கோடு போட்டு நேரம் எழுதியிருந்தால், 17-வது கேள்வி கோட்டுக்கு மேலேயா கீழேயா என்று ஒரு நொடியில் தெரிந்திருக்கும்.

காப்பியடித்ததற்கும் சேர்த்துத் தண்டிக்கலாம் என்று ஒருவர் சொன்னார். முடியாது என்றோம். நோட்டீஸில் இருந்தது மூடி மட்டும்தான். சொல்லாத குற்றச்சாட்டுக்குத் தண்டனை கொடுத்தால் நீதிமன்றத்தில் நிற்காது. தேர்வு முறைகேட்டை விசாரிக்கும் குழு நீதிமன்றம் போல நடந்துகொள்ள வேண்டும், மாணவருக்குத் தன் தரப்பைச் சொல்ல வாய்ப்புக் கொடுக்காமல் முடிவெடுக்கக் கூடாது என்பதை உச்ச நீதிமன்றம் 1962-லேயே கன்ஷியாம் தாஸ் குப்தா வழக்கில் சொல்லிவிட்டது. புதிதாக நோட்டீஸ் கொடுத்து மறுபடி விசாரிக்கலாம், ஆனால் எங்கள் பக்கத் தவறையும் எழுத வேண்டி வரும். கடைசியில் மூடிக்காக அந்த ஒரு தாளை மட்டும் ரத்து செய்தோம், அடுத்த செமஸ்டரில் எழுதிக்கொள்ளலாம். பெண்ணுக்கு நோட்டீஸ் போகவில்லை. டைப் ஆன தாளை நானே கிழித்துப் போட்டேன்.

நடுவில் ஸ்டாஃப் ரூமில் ஒரு பேச்சு ஓடியது. 2024-ல் புதுச் சட்டம் வந்திருக்கிறதே, மூன்று வருடம் உள்ளே போட்டுவிடலாமே என்று. அந்தப் பொதுத் தேர்வுகள் சட்டம் யூ.பி.எஸ்.சி., எஸ்.எஸ்.சி., ரயில்வே, வங்கிப் பணி, என்.டி.ஏ. நடத்தும் தேர்வுகள் போன்றவற்றுக்கானது. வினாத்தாளைக் கசியவிடும் ஆட்களையும் நிறுவனங்களையும் குறி வைப்பது. கல்லூரி செமஸ்டரில் பிட் வைத்திருந்த பையனுக்கு அதில் இடமே இல்லை. ஆனாலும் "ஜெயிலுக்குப் போவே" என்று மாணவர்களை மிரட்டும் ஆசிரியர்கள் இருக்கிறார்கள். வேண்டாமே.

சுற்றறிக்கையை உட்கார்ந்து திருத்தியபோது முதலில் செய்தது, 'படும்' என்று முடியும் வாக்கியங்களை எண்ணியது. 23-ல் 16. ஒவ்வொன்றையும் எடுத்து 'யார்?' என்று கேட்டுக்கொண்டே போனேன். முதல்வர் கேட்டார், "ஏன் சார், அரசாங்க பாணியிலேயே இருக்கட்டுமே". பதினாலாம் அறை ஃபைலைக் காட்டினேன், ஒன்றும் சொல்லாமல் கையெழுத்துப் போட்டார். 17-வது அம்சம் இருந்த இடத்தில் இப்போது இருப்பது இது:

"முறைகேட்டைப் பார்த்த அறைக் கண்காணிப்பாளர், முதலில் கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைக் குறித்துக்கொள்ளவும். பொருளையும் விடைப் புத்தகத்தையும் வினாத்தாளையும் கையில் எடுக்கவும். புத்தகத்தில் கடைசியாக எழுதிய வரிக்குக் கீழே சிவப்பு மையில் கோடு போட்டு, நேரம் எழுதி, கையெழுத்திடவும். வராந்தாவில் இருக்கும் ரிலீவரை அழைத்து அறையை ஒப்படைத்துவிட்டு, மாணவரை முதன்மைக் கண்காணிப்பாளர் அறைக்கு நீங்களே அழைத்துச் செல்லவும். அறையில் மற்றவர்கள் முன் சத்தம் போட வேண்டாம். பிடித்த பொருளை வெள்ளைத் தாளில் மடித்து, ஒட்டிய இடத்தின் மேல் நீங்களும் மாணவரும் கையெழுத்திடவும். அழியக்கூடிய எழுத்தாக இருந்தால் முதன்மைக் கண்காணிப்பாளர் மட்டும் தன் கைபேசியில் படம் எடுப்பார். மாணவர் தன் விளக்கத்தைத் தன் கையால் எழுதுவார். எழுத மறுத்தால் மறுத்தார் என்று எழுதி, பார்த்த இன்னொருவர் கையெழுத்திடுவார். அதன் பிறகு புதிய விடைப் புத்தகம் தரப்படும்..."

அந்தக் கடைசி 'தரப்படும்' தப்பிவிட்டது, அச்சான பிறகுதான் பார்த்தேன். முதன்மைக் கண்காணிப்பாளர் தருவார் என்று பேனாவால் திருத்தினேன்.

புதிய புத்தகம் ஏன் என்று நிறைய பேர் கேட்டார்கள், மாட்டியவனை அனுப்பிவிடலாமே என்று. எங்கள் விதிப்படி விசாரணைக் குழு முடிவெடுக்கும் வரை அவன் குற்றம் நிரூபிக்கப்படாதவன், மீதித் தேர்வையும் அடுத்த நாள் தேர்வுகளையும் எழுதலாம். குழு விடுவித்துவிட்டால் நாம் வெளியேற்றிய நேரத்தை யார் திருப்பிக் கொடுப்பது? மீதி நேரத்தை முதன்மைக் கண்காணிப்பாளர் அறையிலேயே, புதிய புத்தகத்தில் எழுத வைக்கிறோம், இரண்டு புத்தகமும் தனித்தனியாகக் கட்டப்படுகிறது. எழுதிய நேரத்தில் எவ்வளவு போனது என்பதும் பதிவாகிறது.

இதில் இன்னொரு காரணமும் இருக்கிறது. மாட்டிய பிள்ளையைத் தனியாக வெளியே அனுப்பக் கூடாது. பயத்திலும் அவமானத்திலும் அவசரப்பட்டு ஏதாவது செய்துகொள்கிற செய்திகளை நாம் எல்லோரும் படித்திருக்கிறோம். தேர்வு முடிந்ததும் வீட்டுக்குப் பேசி, வந்து கூட்டிப் போகும் வரை ஒருவர் கூடவே இருக்க வேண்டும் என்று எழுதினோம், இருக்க வேண்டியவர் வகுப்பு ஆலோசகர் என்றும் எழுதினோம். மாணவிகளைச் சோதிப்பதென்றால் பெண் ஆசிரியர் மட்டும், அதுவும் பையையும் பொருளையும்தான், உடம்பில் கை வைக்க வேண்டாம். கைபேசி கிடைத்தால் அணைத்து உறையில் போடவும், திறந்து உள்ளே பார்க்க வேண்டாம்.

இருக்கை விஷயத்தில் இரண்டு மாற்றம். ஒருவரை இடம் மாற்றினால், கதவில் ஒட்டியதும் கையில் இருப்பதுமான இரண்டு வரைபடத்திலும் அம்புக்குறி போட்டு நேரமும் காரணமும் எழுதுவது. இது சுலபம். இன்னொன்று, முன்பின்னாக ஒரே தாள் வருவதைத் தவிர்க்கச் சதுரங்கக் கட்டம் போல மாற்றி மாற்றி உட்கார வைப்பது. 25 பேர் அறையில் ஒரு தாளுக்கு 13, இன்னொன்றுக்கு 12, நாலு பக்கமும் வேறு தாள், மூலைவிட்டத்தில் மட்டும் அதே தாள். காகிதத்தில் பிரமாதமாக இருந்தது. ஏப்ரலில் முதல் நாளே ஒரு அறையில் வினாத்தாளை இரண்டு பேருக்கு மாற்றிக் கொடுத்துவிட்டார்கள். வரிசையாக நடந்து ஒரே தாளைக் கொடுத்துப் பழகிய கை, ஒன்று விட்டு ஒன்று கொடுக்கத் தடுமாறுகிறது. ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்து மாற்றிவிட்டோம், ஆனால் ஒரு பெண் அழுதேவிட்டாள். அதற்குப் பிறகு பெஞ்சு மூலையில் சாக்பீஸால் தாள் குறியீட்டை எழுதி வைக்கிறோம். மூன்று தாள் ஒரே வேளையில் இருந்தால் பழையபடி வரிசை, இரண்டே இருந்தால் சதுரங்கம்.

பணி நேரத்திலும் ஒன்று தொட வேண்டியிருந்தது. தாமதமாக வருபவர்களை அரை மணி வரை, அதாவது 2.30 வரை அனுமதிக்கிறோம். கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் மூடியிருந்தால், இல்லை எண்ணூர் பக்கம் கன்டெய்னர் லாரி வரிசை கட்டி நின்றால், 2.20-க்கு மூச்சிரைக்க ஓடிவரும் பிள்ளைகள் எங்களுக்கு எல்லா நாளும் உண்டு. கடைசி ஆள் உள்ளே வரும் நேரத்துக்கு முன்னால் ஒருவரும் வெளியே போகக் கூடாது, போனால் வினாத்தாள் வாசலுக்குப் போய்விடும். பழைய சுற்றறிக்கையில் உள்ளே வர 2.30 வரை என்றும், வெளியே போக 2.20-க்குப் பிறகு என்றும் இருந்தது. இரண்டு வேறு வருடங்களில் இரண்டு வேறு பேர் சேர்த்த அம்சங்கள். நான்கு வருடமாக நான் பிரிண்ட் எடுத்த பக்கத்தில்தான் அதுவும் இருந்தது. இப்போது வெளியே போவது 2.45-க்குப் பிறகு. கையெழுத்துப் போடும் வேலையையும் இரண்டாகப் பிரித்தோம். முதலில் ஒரே சுற்றில் முகம், ஹால் டிக்கெட் சரிபார்ப்பு. கையெழுத்து அப்புறம், கடைசி பெஞ்சிலிருந்து தொடங்கி, பின்னாலிருந்து முன்னால். பின்னாலிருந்து வரும் ஆள் எங்கே இருக்கிறார் என்று எழுதுகிறவர்களுக்குத் தெரியாது, எங்களுக்கு முன்னால் இருக்கும் அத்தனை கையும் தெரியும்.

இதெல்லாம் போட்டும் சிக்கல் தீரவில்லை. ஏப்ரலில் இரண்டு பேர் மாட்டினார்கள், இரண்டிலும் காகிதம் சுத்தமாக இருந்தது, விசாரணை ஒரே அமர்வில் முடிந்தது. ஆனால் ஒருவரைப் பிடித்து அழைத்துப் போய்க் கோடு, உறை, விளக்கம், புதிய புத்தகம் என்று முடித்துத் திரும்ப ஏறக்குறைய பன்னிரண்டு நிமிடம் ஆகிறது. ஐந்து அறைக்கு ஒரு ரிலீவர் போட்டிருக்கிறோம். ஒரே நேரத்தில் இரண்டு அறையில் நடந்தால் இரண்டாவது அறைக்கு ஆள் இல்லை. ரிலீவர் பணிக்கு யாரும் ஆசைப்படுவதும் இல்லை, மூன்று மணி நேரம் வராந்தாவில் சும்மா உட்கார வேண்டும் என்கிறார்கள். அதைவிட, "இவ்வளவு எழுத வேண்டியிருந்தால் பார்க்காத மாதிரி போய்விடலாம்" என்று மூத்த ஆசிரியர் ஒருவர் என்னிடமே சொன்னார். அது நடக்கிறதா இல்லையா என்று எந்தச் சுற்றறிக்கையை வைத்தும் தெரிந்துகொள்ள முடியாது.

அந்த மேடம் இந்த முறை ரிலீவராகத் தானே பெயர் கொடுத்திருக்கிறார். கூரை ஒழுகலைப் பற்றி நிர்வாகத்துக்கு மூன்று கடிதம் கொடுத்தாகிவிட்டது, 'விரைவில் சரிசெய்யப்படும்' என்று பதில் வந்திருக்கிறது. அதுவரை பதினாலாம் அறை வரைபடத்தில் மூன்றாம் வரிசை இரண்டாம் பெஞ்சுக்கு 'பக்கெட்' என்று போட்டு, 24 பேரைத்தான் உட்கார வைக்கிறோம்.